ஒரு வீட்டுக் கிரயமும் மூன்று வழிகளும்

"வரியைக் கொறைக்க ஏதாச்சும் வழி சொல்லுங்க." ஈரோட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குத் தணிக்கை செய்துவரும் ஓர் ஆடிட்டரிடம் வருகிறவர்கள் எல்லோரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூன்று பேர் சொன்னால் அதற்குள் மூன்று வேறு காரியங்கள் இருக்கும். ஒருவர் பில் போடாமல் விற்றுவிட்டு, அது வெளியே தெரியாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்கிறார். இன்னொருவர் சம்பந்தி வீட்டில் யாரோ செய்ததாகக் கேள்விப்பட்ட ஓர் ஏற்பாட்டைத் தானும் செய்யலாமா என்று கேட்கிறார். மூன்றாமவர், சட்டத்தில் தனக்குக் கிடைக்கக்கூடிய சலுகை எது என்று கேட்கிறார். முதலாவது வரி ஏய்ப்பு, இரண்டாவது வரித் தவிர்ப்பு, மூன்றாவது வரித் திட்டமிடல். பெயர்களைச் சொல்லி விளக்கி அவர் யாருக்கும் புரியவைத்ததில்லை. கதைகளைச் சொல்லித்தான் புரியவைத்திருக்கிறார்.

அவர் கோயமுத்தூரில் ஆர்ட்டிக்கிள் கிளார்க்காகச் சேர்ந்தது 1970களின் நடுவில். அதற்குச் சற்று முன், 1973-74இல், இந்தியாவின் உச்ச வருமான வரி விகிதம் சர்சார்ஜோடு சேர்த்து 97.75 சதவீதம். 2 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் கையில் மிஞ்சுவது 2 ரூபாய் 25 காசு. பிறகு விகிதத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள் என்றாலும், அந்த விகிதம் வளர்த்துவிட்ட பழக்கங்கள் அவ்வளவு சீக்கிரம் குறையவில்லை. கடைக்குக் கடை இரண்டு சிட்டை இருந்தது. ஆபீசருக்குக் காட்ட ஒன்று, முதலாளி தலைமாட்டில் ஒன்று.

ஆனால் இரண்டு சிட்டை வைக்கப் பயந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அப்போது கைகொடுத்தது கூட்டுக் குடும்பம். இந்து கூட்டுக் குடும்பத்தை வருமான வரிச் சட்டம் தனி ஆளைப்போலவே நடத்துகிறது. அதற்குத் தனிக் கோப்பு, தனி விலக்கு வரம்பு. இதை வைத்துக்கொண்டு வியாபாரிகள் பகுதிப் பாகப்பிரிவினை என்று ஒன்றைச் செய்தார்கள். தொழிலில் கிடக்கும் முதலில் ஒரு பங்கை மட்டும் பிரித்துக்கொண்டதாகப் பேரேட்டில் எழுதுவார்கள். அடுத்த வருஷம் இன்னொரு பங்கு. அப்பா, அம்மா, மகன்கள், மருமகள்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருப்பார்கள், சமையலும் ஒன்றாகத்தான். வருமான வரி அலுவலகத்தில் மட்டும் சின்னச் சின்னக் கூட்டுக் குடும்பங்களாக நாலைந்து கோப்புகள் ஓடும். ஒரே கோப்பில் இருந்தால் உச்ச விகிதத்தில் விழுகிற வருமானம், ஐந்தாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் கீழ் விகிதத்தில் உட்கார்ந்துவிடும்.

அந்தக் கோப்புகளைத் தைத்து அடுக்கியது அவருடைய ஆரம்பகால வேலைகளில் ஒன்று. அதில் பொய் எதுவும் இல்லை என்பதை அவர் அப்போதே கவனித்திருக்கிறார். முத்திரைத்தாளில் பத்திரம் இருக்கும், பேரேட்டில் பற்று வரவு இருக்கும், ஒவ்வொரு குடும்பமும் தன் ரிட்டர்னைத் தானே தாக்கல் செய்யும். ஆபீசர் எதைக் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். மறைத்தால்தானே ஏய்ப்பு? ஆனால் நிஜத்தில் எதுவும் பிரியவும் இல்லை. பிரித்ததற்கு வரியைத் தவிர வேறு காரணத்தை யாராலும் சொல்ல முடியாது. வரித் தவிர்ப்பு என்பது இப்படித்தான் இருக்கும் என்று அவர் இன்றைக்கும் இதைத்தான் முதலில் சொல்லுகிறார்.

அரசாங்கம் 1980ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் இதை அடைத்தது. 1978 டிசம்பர் 31க்குப் பிறகு நடந்த பகுதிப் பாகப்பிரிவினை எதுவும் வரிக் கணக்கில் செல்லாது, பிரிக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் வரி போடப்படும் என்றது. சென்னை உயர்நீதிமன்றம் 1988இல் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தள்ளியது. 1999இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்று நிலைநிறுத்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் உயர்நீதிமன்றத் தீர்ப்பை நம்பி வருமானத்தைத் தனித்தனியாகக் காட்டியவர்களின் கோப்புகள் மறுபடி திறக்கும் நிலைக்கு வந்தன. தவிர்ப்பில் உள்ள ஆபத்து இதுதான். செய்கிற அன்றைக்குச் சட்டம் அனுமதித்திருக்கலாம். அது எத்தனை நாளைக்கு அனுமதிக்கும், எந்தத் தேதியிலிருந்து அடைக்கும் என்பது செய்தவர் கையில் இல்லை.

ஏய்ப்பில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. செய்கிற நாளிலேயே அது குற்றம். ஆடிட்டருக்கு நன்றாக நினைவிருப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் கதை. மண்டபக்காரர் முன்பதிவுப் பதிவேட்டை அழகாக எழுதி வைத்திருந்தார். ஆனால் நடந்த கல்யாணங்களில் பாதியைத்தான் எழுதியிருந்தார். மீதிக்கு ரசீது கிடையாது, வாடகை ரொக்கமாக வந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி அந்தப் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. பஞ்சாங்கம் ஒன்றைக் கேட்டு வாங்கினார், அந்த ஆண்டின் முகூர்த்த நாட்களைக் குறித்துக்கொண்டார். பிறகு பாத்திர வாடகை நோட்டைக் கேட்டார். மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அண்டா, குத்துவிளக்கு, ஜமக்காளம் எத்தனை வெளியே போனது, எத்தனை திரும்பியது என்று தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். உடைந்தால் யாரிடம் வசூலிப்பது என்பதற்காக எழுதிய நோட்டு அது. வருமானத்தை மறைக்க நினைத்த முதலாளிக்கு அண்டாவை மறைக்கத் தோன்றவில்லை. வளர்பிறை முகூர்த்தம் ஒவ்வொன்றிலும் அண்டா வெளியே போயிருந்தது.

ஏய்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடுகிறது என்கிறார் அவர். வருமானம் எழுதிய கணக்கில் தப்பு கிடைக்காது, ஏனென்றால் அதைத்தான் கவனமாக எழுதியிருப்பார்கள். வேறு காரணத்துக்காக வேறு யாரோ எழுதிய கணக்கு காட்டிக்கொடுக்கும். மின்வாரிய அட்டையில் ஏறும் யூனிட், லாரி வாடகை ரசீது, கூலி ஆட்களுக்குக் கொடுத்த பட்டுவாடா நோட்டு எல்லாம் அந்த வகை. மண்டபக்காரர் விட்டுப்போன வரியை வட்டியோடும் அபராதத்தோடும் கட்டினார். இன்றைய விகிதத்தில் வருமானத்தைத் தவறாகக் காட்டினால் அபராதம் மட்டுமே விட்டுப்போன வரியைப்போல இரண்டு மடங்கு. ஏய்க்கப் பார்த்த தொகை பெரிதானால் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

மூன்று வழிகளும் ஒரே இடத்தில் நிற்கிற ஒரு கதையை அவர் அடிக்கடி சொல்கிறார். 2018 மே மாதம், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் தன் வீட்டை விற்க வந்தார். 2001-02இல் 10 லட்சத்துக்கு வாங்கிய வீடு. இப்போது 68 லட்சத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள். வாங்குகிறவர் ஜவுளி வியாபாரி. அவர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்புப்படி வீடு 45 லட்சம்தான் வருகிறது. அதற்கு முந்தின ஆண்டு ஜூன் மாதத்தில்தான் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்திருந்தது. ஆகவே பத்திரத்தில் 45 லட்சம் போட்டுக்கொள்வோம், பாக்கி 23 லட்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் வரி மிச்சம், எனக்கும் பத்திரச் செலவு மிச்சம் என்றார்.

"என்னங்க ஆடிட்டர், எல்லாரும் அப்படித்தானுங்களே பண்றாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

ஆடிட்டர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அப்போதைய சட்டப்படி பழைய கொள்முதல் விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக் கழிக்கலாம். 2001-02க்குக் குறியீடு 100, 2018-19க்கு 280. ஆகவே 10 லட்சம் 28 லட்சமாகிறது. உள்ள விலையான 68 லட்சத்தையே காட்டினால் மூலதன ஆதாயம் 40 லட்சம். அதற்கு 20 சதவீதம் 8 லட்சம், 4 சதவீதம் செஸ் சேர்த்தால் 8,32,000 ரூபாய் வரி. பத்திரத்தில் 45 லட்சம் என்று போட்டால் ஆதாயம் 17 லட்சம்தான், வரி 3,53,600. வித்தியாசம் 4,78,400 ரூபாய். வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. அவர் கண்ணுக்கு மிச்சமாகத் தெரிந்தது அந்தத் தொகைதான்.

அடுத்ததாக ஆடிட்டர் கேட்டது, வீட்டை ஏன் விற்கிறீர்கள் என்று. மகள் கோயமுத்தூரில் இருக்கிறாள், அவள் வீட்டுப் பக்கத்திலேயே 42 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம் என்றார். அதைக் கேட்ட உடனே கணக்கு மாறிவிட்டது. குடியிருப்பு வீட்டை விற்று வந்த நீண்டகால ஆதாயத்தை இன்னொரு குடியிருப்பு வீட்டில் போட்டால், போட்ட அளவுக்கு வரி கிடையாது. விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற பின் இரண்டு ஆண்டுக்குள்ளோ வாங்கலாம். கட்டுவதாக இருந்தால் மூன்று ஆண்டு அவகாசம். 40 லட்சம் ஆதாயம், 42 லட்சத்துக்கு ஃபிளாட். ஆக வரி பூஜ்யம்.

அதாவது 68 லட்சத்தையும் வெள்ளையில் வாங்கினாலும் அவருக்கு வரி இல்லை. 45 லட்சம் காட்டினாலும் வரி இல்லை. அவர் ஏய்க்க நினைத்த வரி, அவர் கட்டவே தேவையில்லாத வரி.

அப்படியானால் 23 லட்சம் ரொக்கத்தால் யாருக்கு லாபம்? வாங்குகிறவருக்குத்தான். அப்போது கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். 23 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் அவருக்கு 2,53,000 ரூபாய் மிச்சம். அதோடு கணக்கில் காட்டாத பணம் 23 லட்சம் வீடாக மாறிவிடுகிறது. விற்கிறவருக்கு மிஞ்சுவது ஆபத்து மட்டும். 2015 ஜூன் 1 முதல் அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதம், அதுவும் வாங்கியவர் மேல். 23 லட்சம் வாங்கினால் 23 லட்சம் அபராதம். இதை வருமான வரித் துறை கண்டுபிடிக்க வீட்டுக்காரரின் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. என்றோ ஒருநாள் அந்த ஜவுளிக்கடையில் சோதனை நடந்து, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தால் போதும்.

வீட்டுக்காரருடைய மைத்துனர் உடன் வந்திருந்தார். அவரிடம் இன்னொரு யோசனை இருந்தது. மகனுக்கு இப்போது வருமானம் எதுவுமில்லை. பாதி வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிவிட்டால், விற்கும்போது பாதி ஆதாயம் அவன் கணக்கில் போகும், அவனுக்கு உள்ள இரண்டரை லட்சம் விலக்கு வரம்பும் சேர்ந்து கிடைக்கும் என்றார். ஆடிட்டர் இரண்டே கேள்வி கேட்டார். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டதா? வாங்கியாகிவிட்டது. கிரயம் முடிந்ததும் மகன் பங்குப் பணம் யாரிடம் இருக்கும்? அப்பாவிடம்தான். விலை பேசி முன்பணமும் வாங்கிய பிறகு, பணம் திரும்பி அப்பாவிடமே வருகிற மாதிரி எழுதும் செட்டில்மென்ட் காகிதத்தில்தான் நிற்கும். பல ஆண்டுகளுக்கு முன்பே மகனுக்கு மனதாரக் கொடுத்து, அவன் பெயரில் வீட்டு வரி கட்டி, விற்ற பணத்தை அவனே வைத்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது. பத்திர எழுத்தர் எழுதுகிற வாசகம் இரண்டுக்கும் ஒன்றாகத்தான் இருக்கும். தேதியும் பணம் போய்ச் சேர்ந்த இடமும் வேறு.

கடைசியில் 68 லட்சத்துக்கே பத்திரம் பதிவாயிற்று. 50 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்து என்பதால் வாங்கியவர் 1 சதவீதம், 68,000 ரூபாய், வரிப் பிடித்தம் செய்து கட்டினார். வீட்டுக்காரர் ஃபிளாட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதி தவணையாக இருந்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள், செலவாகாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட வைத்தார் ஆடிட்டர். பலர் கோட்டை விடுகிற இடம் இதுதான். பணம் சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தால் வீடு வாங்கும் எண்ணம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் விலக்கு சிக்கலாகிவிடும். புது ஃபிளாட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றுவிடக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார். விற்றால் இப்போது கிடைத்த விலக்கு அப்போது திரும்பி வந்து வரியாக நிற்கும். பிடித்த 68,000 ரூபாயில் பென்ஷனுக்கான வரி போக மீதி ரீஃபண்டாக வந்தது.

குடும்பத்துக்குள் பணத்தைச் சுற்றிவிடும் யோசனை ஈரோட்டில் மட்டும் பிறந்ததில்லை. கணவன் மனைவிக்குச் சும்மா கொடுத்த சொத்தின் வருமானத்தைக் கணவன் கணக்கிலேயே சேர்ப்பார்கள் என்பது பழைய சட்டம். அதைத் தாண்ட அண்ணன் தம்பிகள் சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அண்ணன் தம்பி மனைவிக்குக் கொடுப்பார், தம்பி அண்ணிக்குக் கொடுப்பார். அப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு ஆடிட்டர் 1963இல் உச்சநீதிமன்றம் முடித்த சி.எம். கோத்தாரி வழக்கைச் சொல்வார். சென்னையில் ஒரு வீடு மாமியார், மருமகள் பெயரில் வாங்கப்பட்டது. மாமியாருக்குப் பணம் மகனிடமிருந்து வந்தது, மருமகளுக்கு மாமனாரிடமிருந்து வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கணவனும் தன் மனைவிக்குக் கொடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த நீதிமன்றம், சுற்றி வளைத்துத் தன் மனைவிக்கே கொடுத்ததுதான் இது என்றது. அந்தத் தீர்ப்புக்கு அறுபது வயது ஆகிவிட்டது. யோசனை மட்டும் மாப்பிள்ளை, மச்சான் என்று ஆள் மாறி இன்னமும் அவர் மேஜைக்கு வந்துகொண்டிருக்கிறது.

1990களின் கடைசியில் தவிர்ப்பு குடும்பத்தை விட்டுப் பங்குச் சந்தைக்குப் போனது. அப்போது மியூச்சுவல் ஃபண்ட் கொடுக்கும் டிவிடெண்டுக்கு வாங்குபவர் கையில் வரி கிடையாது. டிவிடெண்ட் கொடுத்ததும் யூனிட்டின் மதிப்பு அந்த அளவுக்குக் குறையும். 2000 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. சோழா ஃப்ரீடம் இன்கம் ஃபண்டின் யூனிட் ஒன்று 17 ரூபாய் 23 காசு. வால்ஃபோர்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் அன்றைக்கு வாங்கியது. யூனிட்டுக்கு 4 ரூபாய் டிவிடெண்ட் கிடைத்தது. 27ஆம் தேதி, திங்கட்கிழமை, 13 ரூபாய் 23 காசுக்கு விற்றுவிட்டது. கையில் உண்மையான நஷ்டம் எதுவுமில்லை, 17.23 போட்டு 17.23 திரும்பி வந்தது. ஆனால் வரிக் கணக்கில் 4 ரூபாய் வரியில்லா வருமானம், 4 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் யூனிட்டுக்கு 4 லட்சம் நஷ்டம், 30 சதவீத விகிதத்தில் 1,20,000 ரூபாய் வரி மிச்சம், ஒரு வார இறுதியில்.

வருமான வரித் துறை இது போலி வியாபாரம் என்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2010 ஜூலையில் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. யூனிட் உண்மையிலேயே வாங்கப்பட்டது, உண்மையிலேயே விற்கப்பட்டது, அன்றைக்கு அதைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் அதற்கு வெகு முன்பே, 2001ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில், நாடாளுமன்றம் கதவைச் சாத்திவிட்டது. டிவிடெண்ட் தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கி, அதன்பின் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றால், டிவிடெண்ட் அளவுக்கு நஷ்டத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்றது அது. இந்த வழக்கை ஆடிட்டர் மிகவும் மதிக்கிறார். தவிர்ப்பைப் பிடிக்காத ஒரு நீதிபதிகூட, நடந்த நிஜத்தை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது என்பது அதில் தெளிவாகிறது. ஏய்ப்பில் ஆபீசருக்கும் வரி செலுத்துபவருக்கும் சண்டை, என்ன நடந்தது என்பதைப் பற்றி. தவிர்ப்பில் என்ன நடந்தது என்று இருவருக்கும் தெரியும். நடந்ததற்குச் சட்டம் என்ன பெயர் வைக்கிறது என்பதில்தான் சண்டை.

ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டிருக்க முடியாது என்று அரசு 2012இல் தவிர்ப்புக்கு எதிரான பொது விதிகளைச் சட்டத்தில் சேர்த்தது. அவை 2017 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தன. ஓர் ஏற்பாட்டின் முக்கிய நோக்கமே வரிச் சலுகை பெறுவதாக இருந்து, அதில் வியாபாரச் சாரமும் இல்லையென்றால், அதை ஒதுக்கிவிட்டு வரி போடலாம். கிடைக்கும் வரி லாபம் 3 கோடி ரூபாயைத் தாண்டினால்தான் இது பாயும். எனவே ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் அதை நினைத்துத் தூக்கம் இழக்க வேண்டியதில்லை. அதற்காக அவர் தப்பிவிட்டார் என்றும் இல்லை. மனைவிக்குக் கொடுத்தது போன்றவற்றுக்கான தனித்தனித் தடைகள் 10,000 ரூபாய்க்கும் பொருந்தும்.

சம்பளக்காரர்களிடம் இந்தக் கோடு எங்கே கிடக்கிறது என்பதை ஆடிட்டர் ஓர் ஆசிரியையின் வீட்டு வாடகைப்படியை வைத்து விளக்குவார். அவர் அப்பாவுக்குச் சொந்தமான வீட்டில் குடியிருந்தார். அப்பாவுக்கு வாடகை கொடுத்து வாடகைப்படி விலக்குக் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார், ஏதோ தப்புப் பண்ணுகிற மாதிரி. தாராளமாகக் கேட்கலாம். மாதம் 12,000 ரூபாயை அவர் வங்கி வழியாக அப்பா கணக்குக்கு அனுப்பினார். ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் போவதால் அப்பாவின் பான் எண்ணையும் பள்ளியில் கொடுத்தார். அப்பா அந்த 1,44,000 ரூபாயைத் தன் ரிட்டர்னில் காட்டினார். வீட்டு வாடகைக்கு 30 சதவீதம் கழிவு போக அவருக்கு வருமானம் 1,00,800. வேறு பெரிய வருமானம் இல்லாததால் அவருக்கு வரி வரவில்லை. மகளின் வரி குறைந்தது. குடும்பமாகப் பார்த்தால் லாபம், முழுக்கவும் நியாயமான திட்டமிடல்.

அதே பள்ளியில் வேலை பார்த்த இன்னொருவர், அவர் செய்ததைப் பார்த்துவிட்டு ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். பன்னிரண்டு ரசீதிலும் ஒரே நாளில், ஒரே பேனாவால் மாமனாரின் கையெழுத்து. பணம் எதுவும் கைமாறவில்லை. மாமனார் ரிட்டர்னில் வாடகை என்ற வரியே காலி. மேலே ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்பு மட்டும்தான் அதில் உண்மை. இதை ஆடிட்டர் தவிர்ப்பு என்றுகூடச் சொல்ல மாட்டார். நடக்காததை நடந்ததாக எழுதுவது ஏய்ப்பு, தொகை சிறிது என்பதால் அது வேறொன்றாகிவிடாது. கொடுத்த நன்கொடையில் பெரும்பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொண்டு முழுத் தொகைக்கும் ரசீது காட்டுவதும் இதே ரகம். அலுவலகம் அலுவலகமாகப் போய் ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று சதவீதம் பேசும் ஆட்கள் பிழைப்பது இந்த ரசீதுகளால்தான். நோட்டீஸ் வரும்போது அந்த ஆட்களின் செல்பேசி எடுக்கப்படாது. ரிட்டர்னில் இருப்பது ஆசிரியரின் பெயர்.

2021 முதல் ஒவ்வொருவரின் வங்கி வட்டி, பங்கு விற்பனை, டிவிடெண்ட், சொத்துப் பதிவு எல்லாம் ஆண்டுத் தகவல் அறிக்கையாக வருமான வரித் தளத்திலேயே வந்துவிடுகிறது. முன்பு கட்சிக்காரர் மஞ்சப்பையில் கொண்டுவரும் பாஸ்புத்தகத்தைப் பார்த்து வேலையைத் தொடங்குவார்கள். இப்போது அந்த அறிக்கையை இறக்கிப் பார்த்த பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. கட்சிக்காரர் மறந்த நிரந்தர வைப்புகூட அதில் இருக்கிறது. திட்டமிடவும் முன்னைப்போல நிறைய இடமில்லை. 2023-24 முதல் புதிய வரி முறையே இயல்பான முறை ஆகிவிட்டது. அதில் வாடகைப்படி விலக்கு இல்லை, காப்பீட்டுப் பிரீமியத்துக்குக் கழிவு இல்லை. அந்த ஆசிரியைக்கு இப்போது எந்த முறையில் வரி குறைவு என்று இரண்டையும் போட்டுப் பார்ப்பதுதான் ஆண்டு வேலை.

வீடு விற்பனையிலும் கணக்கு மாறியிருக்கிறது. 2024 ஜூலை 23 முதல் பணவீக்கக் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் என்றார்கள். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, நிலத்துக்கு மட்டும், உள்நாட்டில் வசிக்கும் தனிநபரும் கூட்டுக் குடும்பமும் பழைய 20 சதவீத முறையில் வரி குறைவாக வந்தால் அதையே கட்டலாம். 2001-02இல் 10 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025-26இல் 68 லட்சத்துக்கு விற்றால், புதிய முறையில் 58 லட்சத்துக்கு 12.5 சதவீதம், 7,25,000. பழைய முறையில் குறியீடு 376, ஆகவே 37.6 லட்சம் கழியும், 30.4 லட்சத்துக்கு 20 சதவீதம், 6,08,000. பழையதே நல்லது. அதே வீடு ஒன்றரைக் கோடிக்குப் போனால் புதிய முறையில் 17,50,000, பழைய முறையில் 22,48,000. இரண்டில் குறைவானதைக் கட்டச் சொல்வது சட்டமே. அதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை, சங்கடப்படவும் எதுவும் இல்லை.

அண்மையில் பெருந்துறை ரோட்டில் வீடு விற்ற ஒருவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது, 2006இல் மாடி கட்டினேன், அதற்கு 9 லட்சம் ஆச்சுங்க, அதையும் கழிச்சுருங்க என்றார். பில் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. தெரிந்த சிமென்ட் கடையில் பழைய தேதி போட்டு வாங்கித் தருகிறேன் என்றார். மாடி நிஜமாகவே கட்டியதுதான், செலவும் நிஜம்தான். ஆனால் பழைய தேதி போட்ட ஒரே ஒரு பில், நிஜமான செலவையும் சேர்த்துப் பொய்யாக்கிவிடும். மாநகராட்சியில் மாடிக்கு வாங்கிய கட்டட அனுமதியின் நகல், அப்போது வங்கியில் வாங்கிய வீட்டுக் கடனின் கணக்கு, மாடி கட்டிய பிறகு உயர்ந்த சொத்து வரி ரசீது, முடிந்தால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் சான்று, இந்த நான்கையும் கொண்டு வரச் சொல்லி அனுப்பினார். பத்து நாள் கழித்து அவர் மூன்றைக் கொண்டுவந்தார். கடன் கணக்கின்படி மாடிக்காக வங்கி கொடுத்தது 6 லட்சம். மிச்சம் கைப்பணம் என்றார். அந்த ஆண்டில் கைப்பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் பாஸ்புத்தகத்தை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அதுவரை கழித்திருப்பது 6 லட்சம்தான்.